ஃபிரிட்ஜ் பழுது: புகார் வீடியோவை எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்காக, பழுதான பொருளுக்கு எப்படிப் புகார் கொடுப்பது என்று மூன்று நிமிட வீடியோ எடுக்கப்போகிறோம். எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர் வாங்கிய புது ஃபிரிட்ஜ் மூன்று முறை சர்வீஸ் செய்தும் குளிரவில்லை. அதையே உதாரணமாகக் காட்டலாம் என்று எண்ணம். எதை முதலில் சொல்வது, எந்தக் காகிதங்களைக் கையில் வைத்திருக்கச் சொல்வது? புகார் இணையதளத்தைத் திறந்து காட்டுவதில் தொடங்கலாமா?

பதில்: இணையதளத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். திரையில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று விரிவாகக் காட்டும் வீடியோ சீக்கிரம் பழசாகிவிடும். நுகர்வோர் ஆணையங்களில் இணையவழி மனு கொடுக்க முன்பு இ-தாக்கில் தளம் இருந்தது. 2025 ஜனவரியில் இ-ஜாக்ரிதி வந்த பிறகு பழைய வீடியோக்களைப் பார்த்துப் போகிறவர்கள் குழம்புகிறார்கள். காகிதங்கள் அப்படி மாறுவதில்லை. அதனால் முதல் ஒன்றரை நிமிடம் கேமரா ஒரு மேஜையைக் காட்டட்டும்.

மேஜையில் முதலில் வைக்க வேண்டியது பில். கடைக்காரர் கொடுக்கும் எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. ஜிஎஸ்டி எண், மாடல், சீரியல் நம்பர் மூன்றும் உள்ள பில்லைக் காட்டுங்கள். வழவழப்பான தெர்மல் தாளில் அச்சிட்ட பில் ஓராண்டுக்குள்ளேயே வெளுத்துவிடலாம் என்பதால் வாங்கிய அன்றே நகல் எடுக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜின் உட்புறமோ பின்புறமோ ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும், அதே எண் பில்லில் இருப்பதையும் அடுத்தடுத்துக் காட்டினால் நல்லது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், ‘இது எங்கள் பொருளே இல்லை’ என்று கம்பெனி சொல்ல இடம் கிடைத்துவிடும். வாரண்டி கார்டில் கடையின் முத்திரையும் தேதியும் வேண்டும். வீடியோவில் பில்லைக் காட்டும்போது வாங்கியவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணைக் காகிதத்தால் மூடிவிடுங்கள்.

அடுத்தது ஜாப் ஷீட். வீடியோவின் உயிர் இதுதான், அவசரப்படாமல் நின்று சொல்லுங்கள். மெக்கானிக் வந்துபோகும்போது ஒரு தாளில், அல்லது அவருடைய கைப்பேசியிலேயே, கையெழுத்து வாங்குவார். அதில் ‘சரிசெய்யப்பட்டது, இயங்குகிறது’ என்று இருக்கும். நம்மவர்கள் படிக்காமலே போட்டுக்கொடுப்பார்கள். பின்னால் ஆணையத்தில் கம்பெனி எடுத்து வைக்கும் முதல் சான்று அந்தக் கையெழுத்துத்தான்.

உங்கள் ஃபிரிட்ஜ் கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 10-ல் 28,500 ரூபாய்க்கு வாங்கியது. ஜூலை 8-ல் முதல் வருகை, கேஸ் நிரப்பினார்கள். ஆகஸ்ட் 2-ல் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். ஆகஸ்ட் 29-ல் வந்தவர் ‘ஓகே’ என்று எழுதிவிட்டுப் போனார். மூன்றாவது தாளில் கையெழுத்துக்கு மேல், ‘கீழ்த்தட்டு இன்னும் குளிரவில்லை’ என்று தேதியோடு ஒரு வரி எழுதியிருந்தால், ஒரே பழுது மூன்று முறை திரும்பி வந்தது என்பது அந்தத் தாளிலேயே நிரூபணமாகிவிடும். கைப்பேசியில் கையெழுத்து வாங்கினால், மெக்கானிக் போன உடனே அதே வரியைக் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு, புகார் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பலாம். உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து எடுத்த படமும் உதவும். ‘வோல்டேஜ் கோளாறு’ என்று கம்பெனி கைகாட்டுவது வழக்கம் என்பதால் ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் பில்லும் சேரட்டும்.

இனி வரிசை. முதலில் கம்பெனிக்கே புகார். அதன் எண்ணை வாரண்டி கார்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்களின் போலிக் கஸ்டமர் கேர் எண்கள் முன்னால் வந்து நிற்கும். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது consumerhelpline.gov.in. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: 1915 ஒரு நீதிமன்றம் அல்ல. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி பதில் கேட்பார்கள், உத்தரவிட முடியாது. பல வழக்குகள் இங்கேயே முடிந்துவிடுவதும் உண்மை. ஆனால் ‘1915-ல் போட்டுவிட்டேன்’ என்று காத்திருப்பவருக்குக் காலக்கெடு நின்றுவிடாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எதற்கும் முதல் பழுது தெரிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

அதன்பின் நோட்டீஸ். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும் அனுப்புவது நல்லது. பழுது என்ன, எந்தெந்தத் தேதியில் யார் வந்தார்கள், உங்களுக்கு என்ன வேண்டும், 15 நாள் அவகாசம் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். ரசீதையும், சேர்ந்ததற்கான டிராக்கிங் பக்கத்தின் அச்சையும் கோப்பில் வையுங்கள்.

பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். எதிர்தரப்பாகச் சர்வீஸ் சென்டரை மட்டும் போட்டுவிட்டு நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விற்ற கடை, தயாரித்த கம்பெனி இரண்டையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்பிப்பார்.

மனுவில் தேதிவாரியாக நடந்ததை எழுதி, உண்மை என்று பிரமாணப் பத்திரம் இணைத்து, மேஜையில் வைத்த காகிதங்களை 1, 2, 3 என்று எண்ணிட்டுச் சேர்ப்பது. கேட்பதும் தெளிவாக இருக்கட்டும்: புது ஃபிரிட்ஜ், அல்லது 28,500 ரூபாய் வட்டியோடு, அத்துடன் இழப்பீடும் வழக்குச் செலவும். 28,500 ரூபாய் பொருளுக்கு ஆதாரமில்லாமல் 5 லட்சம் மன உளைச்சல் கேட்டால் மனுவின் மீதான நம்பிக்கைதான் குறையும்.

இந்த இடத்தில் e-jagriti.gov.in தளத்தை ஒரு கணம் காட்டலாம். பதிவு செய்தல், மனுவையும் இணைப்புகளையும் பிடிஎஃப் ஆக ஏற்றுதல், பிறகு மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருத்தல். மனுவில் குறை இருந்தால் சரிசெய்யச் சொல்லித் திருப்புவார்கள். அதைப் பார்க்காமல் விட்டுத்தான் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சட்டம் சொல்வது 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடைமுறையில் அதைவிட நீளும் என்றும் சொல்லிவிடுங்கள்.

கடைசிக் காட்சி ஃபிரிட்ஜாகவே இருக்கட்டும். வழக்கு முடியும்வரை அதைத் தெருமுனை மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்கக் கூடாது, எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடவும் கூடாது. பழுதை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். வெளியாள் கைவைத்த பொருளில் அது தயாரிப்புக் குறை என்று எந்த ஆய்வகமும் உறுதியாக எழுதித் தராது.