தவறான அறிவுரை தரும் குருவை எழுதுவது எப்படி? கேள்வி பதில்

அனுபவமுள்ள மருத்துவர் தன் பயிற்சி மருத்துவருக்குத் தவறான யோசனை சொல்கிறார். அவர் முட்டாளாகத் தெரியாமல் எப்படி எழுதுவது?

அந்த யோசனை அவர் பழகிய இடத்தில் உண்மையாகவே இருந்திருக்க வேண்டும். நோய் உள்ளவர்களில் 100-க்கு 99 பேரையும், இல்லாதவர்களில் 100-க்கு 99 பேரையும் சரியாக இனங்காணும் ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். அறிகுறிகளோடு வருவோரில் பாதிப் பேருக்கு நோய் இருக்கும் தம் பிரிவில் அவர் அதன் முடிவை நம்பியது சரிதான். ஆனால் 1,000 பேரில் ஒருவருக்கே நோய் உள்ள பொது முகாமில், அந்த ஒருவரோடு நோயற்ற சுமார் 10 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்றே வரும்.

“இத்தனை வருஷத்துல இந்த டெஸ்ட் என்னை ஏமாத்தினதே இல்லை. மருந்தை ஆரம்பிச்சிடும்மா.”

“அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லையே சார். முகாமுக்குச் சும்மா வந்தவர்.”

“அதனாலதான் சொல்றேன். தொந்தரவு வர்றதுக்குள்ள பிடிச்சிட்டோம்.”

பிழைக்கான தடயம் மாணவியின் வாயிலிருந்து வருகிறது. குரு அதை மறுக்காமல் தம் பக்கச் சான்றாக மாற்றிக்கொள்கிறார். அந்தப் பதிலில் அக்கறை இருப்பதால்தான் மாணவியும் நம்புகிறாள், வாசகரும் முதலில் நம்புவார்.

கடைசியில் மாணவியே கணக்குப் போட்டுத் திருத்திவிட்டால் போதாதா?

வாசகருக்குப் புரியும் என்பது சரி. ஆனால் காட்சி தேர்வுத்தாள் ஆகிவிடும், அதுவரை மனிதராக இருந்த குருவும் விடைத்தாளில் சிவப்பு மையாகச் சுருங்கிவிடுவார். “வேற முறையில ஒரு தடவை பாத்துடலாமா சார்?” என்று அவள் தயங்கிக் கேட்பதோடு நிறுத்தலாம். மருத்துவரீதியாகவும் அதுவே சரியான கேள்வி. அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தால் அதே பிழை திரும்பவும் வரக்கூடும்.

என் ஆசிரியரும் எனக்குத் தவறாக வழிகாட்டினார். அவரிடம் இப்போது சொல்லலாமா?

நீங்கள் கேட்பது வேறு விஷயம். அதற்கு என்னால் பதில் சொல்ல இயலாது. ஆனால் அதைக் கதையாக்கினால், அன்று அவர் சொன்னதை நீங்கள் ஏன் நம்பினீர்கள் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். இன்றைய கோபம் அவருடைய வசனத்தில் ஏறினால், முதல் வரியிலேயே வாசகர் அவரைச் சந்தேகிப்பார்.

வாசகர் பிழையைக் கவனிக்காமலே போய்விட்டால்?

சிலர் கவனிக்க மாட்டார்கள். உரையாடலுக்கு முன்பே, 1,000 பேர் வந்த முகாமில் ‘பாசிட்டிவ்’ என வந்த 11 சீட்டுகள் தனியே கட்டி வைக்கப்பட்டிருந்ததாகப் போகிறபோக்கில் எழுதுங்கள். அந்த நோய் எவ்வளவு அரிது என்பதையும் வேறொருவர் வாயில் வையுங்கள். பிறகு மருத்துவம் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எங்கே நெருடியது என்று மட்டும் கேளுங்கள். அவர் ‘தொந்தரவும் இல்லையே’ என்ற வரியைக் காட்டினால் போதும். மருந்தால் அந்த மனிதருக்கு நேர்ந்ததைப் பின்னர் காட்ட வேண்டுமா என்பதில் எழுதுவோரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் காட்டாமல் விடுவேன், ஆனால் காட்டியே தீர வேண்டும் என்போரின் வாதத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.