ஏஎன்ஏ நெகட்டிவ், ஆனா ரோவும் லாவும் பாசிட்டிவ்: எதை நம்புறது?

"டாக்டருங்க, எனக்கு 34 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். ஆறேழு மாசமா கண்ணுல மண்ணு விழுந்தாப்ல உறுத்துதுங்க, வாயும் காஞ்சு போகுது, தண்ணி குடிக்காம முறுக்கு கூட முழுங்க முடியல. ஒரு லேப்ல ஏஎன்ஏ நெகட்டிவ்னாங்க. அப்புறம் ஈரோட்டுல ஏஎன்ஏ ப்ரொஃபைல் எடுத்ததுல ரோ, லா ரெண்டும் பாசிட்டிவ், ரோவுக்கு மூணு ப்ளஸ் போட்டிருக்கு. எது நெசம்? நெகட்டிவ் ஆகுற வரைக்கும் மாத்திரை சாப்பிடணுங்களா? ரெண்டாவது குழந்தைக்கு பார்த்துட்டு இருக்கோம். தூசி அலர்ஜிக்கு தினமும் ராத்திரி செட்ரிசின் போட்டுக்கறேன்."

ரெண்டு லேப்புமே பொய் சொல்லலீங்க. ஏஎன்ஏன்னா நம்ம செல்லோட உட்கருவையே எதிர்க்கற ஆன்டிபாடி. மொதல்ல எடுத்த ஏஎன்ஏ, கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி வச்ச செல்லு மேல உங்க ரத்தத்தோட சீரத்தை ஊத்தி, செல்லுக்குள்ள உட்கரு ஒளிருதான்னு மைக்ராஸ்கோப்புல பார்க்கற டெஸ்டா இருந்திருக்கும். ரோ, லாங்கறது இந்த மாதிரி ஆன்டிபாடி குறி வைக்கற ரெண்டு புரதம். ரோ புரதம் அந்த ஸ்லைடுல கொஞ்சமாத்தான் இருக்கும், ஸ்லைடு தயார் பண்ணும்போதே கொஞ்சம் போயிடவும் போயிடும், அதுல ஒரு வகையான ரோ-52 உட்கருவுக்கு வெளியதான் அதிகமா கிடக்கு. அதனால ரோ ஆன்டிபாடி உடம்புல இருந்தும் ஏஎன்ஏ நெகட்டிவ்னு வர்றது எங்களுக்கு பழக்கமான விஷயம்தான். ப்ரொஃபைல்ல ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியா பட்டையில வச்சு பார்க்கறாங்க, அதான் மாட்டிக்கிச்சு. கண்ணும் வாயும் காயற ஆளுக்கு ஏஎன்ஏ நெகட்டிவ்னு பார்த்துட்டு அதோட நிறுத்திடறது சரியில்லைங்க, ரோவை தனியா கேட்டு எடுக்கணும்.

இப்ப உங்க ரிசல்ட் எதைக் காட்டுதுன்னு பார்ப்போம். ரோவும் லாவும் சேர்ந்து பாசிட்டிவ், கூடவே மாசக்கணக்கா காஞ்சு போறது, உறுத்தறதுன்னா மொதல்ல நெனைக்க வேண்டியது ஸ்யோக்ரன் நோய். உடம்போட எதிர்ப்பு சக்தியே கண்ணீர் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்கறது. ஆனா ரோ மட்டும் பாசிட்டிவ்னா லூபஸ்ங்கற இன்னொரு எதிர்ப்பு சக்தி நோய்லயும் வரும், எந்த நோயும் இல்லாத சிலருக்கும் வரும். ரோ-52 மட்டும் தனியா பாசிட்டிவ்னா தசை அழற்சி, நுரையீரல் பாதிப்பு இருக்கான்னு ஒரு கண்ணு வைப்போம். லா மட்டும் தனியா வந்தா அதுக்கு நாங்க பெருசா மதிப்பு குடுக்கறதில்ல, ஸ்யோக்ரன்தானான்னு முடிவு பண்ண 2016ல போட்ட பாயின்ட் கணக்குல லா சேர்க்கவே இல்ல. உங்க ரிப்போர்ட்ல லாவோட வேலை ரோவுக்கு பக்கபலமா நிக்கறது மட்டுந்தான்.

அந்த கணக்கு என்னன்னா, ஆராய்ச்சிக்காக போட்டதுதான், ஆனா ஓபியிலயும் அதைத்தான் வழிகாட்டியா வச்சுக்கறோம். மொத்தம் 4 பாயின்ட் வேணும். ரோ பாசிட்டிவ்னா 3, அது உங்ககிட்ட இருக்கு. மீதி ஒண்ணுதான் வேணும், அதுக்கு எளிசான டெஸ்ட் ஷிர்மர் டெஸ்ட். கண் டாக்டர் ஒரு சின்ன ஃபில்டர் பேப்பர் பட்டையை கீழ் இமைக்குள்ள ஓரமா மாட்டி விடுவாரு, கண்ணை மூடிட்டு 5 நிமிஷம் உக்கார்ந்திருக்கணும், எத்தனை மில்லிமீட்டர் நனைஞ்சிருக்குன்னு அப்புறம் அளப்பாங்க. ஒரு கண்ணுலயாவது 5 இல்ல அதுக்குக் கீழ இருந்தா 1 பாயின்ட். உதாரணத்துக்கு வலது 4, இடது 8னு வந்தா போதும், உங்களுக்கு 4 ஆயிடுச்சு. சீட்டுல சும்மா 'ட்ரை ஐ'ன்னு எழுதி விட்டா எங்களுக்கு உதவாதுங்க, ரெண்டு கண்ணுக்கும் நம்பர் எழுதச் சொல்லி கேளுங்க, மரத்துப்போற சொட்டு போடாம பண்ணினதான்னும் கேட்டுக்குங்க. ஷிர்மர் நல்லா இருந்துச்சுன்னா, எதுவும் மெல்லாம ஒரு கப்புல 15 நிமிஷம் எச்சிலை வழிய விட்டு அளக்கற டெஸ்ட் இருக்கு, 1.5 மில்லி இல்ல அதுக்குக் கீழன்னா அதுக்கும் 1. உதட்டுல சதை எடுக்கற பயாப்ஸி உங்களுக்கு பெரும்பாலும் தேவைப்படாது, ரோ நெகட்டிவா இருக்கறவங்களுக்குத்தான் அது ரொம்ப உதவும்.

இதுல ஒரு சிக்கல், அந்த செட்ரிசின். அதுவும் வாயை காய வைக்கும், கண்ணையும் காய வைக்கும். அதைப் போட்டுட்டே டெஸ்டுக்கு போனா நோயால காஞ்சதா மாத்திரையால காஞ்சதான்னு பிரிக்க முடியாது. எழுதிக்குடுத்த டாக்டர்கிட்ட கேட்டுட்டு டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தி வைங்க, அதுவரைக்கும் பஞ்சு தூசிக்கு மாஸ்க் போட்டுக்குங்க. செட்ரிசின் இருக்கறதால ரோ பாசிட்டிவ் வராதுங்க, அது மாத்திரை பண்ற வேலை இல்ல. ஹெபடைடிஸ் சி, எச்ஐவி ரெண்டும் இதே மாதிரி காய வைக்கும்ங்கறதால அதையும் ஒரு தடவை பார்த்து விலக்கிடுவோம்.

மூணு ப்ளஸ் பார்த்து பயந்துட்டீங்கன்னு புரியுது. ப்ளஸ் கூடினா நோய் கூடிடுச்சுன்னு அர்த்தமில்லைங்க. இந்த ஆன்டிபாடி ஒரு தடவை வந்தா பெரும்பாலும் அப்படியே இருக்கும், நோய் அடங்கினாலும் இருக்கும். அதை நெகட்டிவ் ஆக்கறதுக்குன்னு மாத்திரை கிடையாது, மூணு மாசத்துக்கு ஒருக்கா திருப்பி எடுத்தா காசுதான் போகும். மருந்து அறிகுறிக்குத்தான்: பிரிசர்வேட்டிவ் இல்லாத கண் சொட்டு, ஃப்ளூரைடு பேஸ்ட், ஆறு மாசத்துக்கு ஒருக்கா பல் டாக்டர், ஏன்னா எச்சில் இல்லாத வாயில ஈறோரமா சொத்தை சீக்கிரம் விழும். வெறும் காயறதுக்குன்னு யாராவது ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தா ஏன்னு கேளுங்க, அது காயறதை சரி பண்ணாது.

திருப்பி திருப்பி பார்க்க வேண்டியது வேற. காதுக்கு கீழ இருக்கற சுரப்பி பொன்னுக்கு வீங்கி வந்தாப்ல வீங்கி இறங்காமயே நின்னா, கால்ல சின்னச்சின்னதா செவப்பு புள்ளி வந்தா உடனே வரணும், ஏன்னா இந்த நோய்ல சிலருக்கு லிம்ஃபோமாங்கற நிணநீர் புற்றுநோய் வரலாம். காலையில எந்திரிக்கும்போது கைகால் தூக்க முடியாம போனா பொட்டாசியம் பார்க்கணும், சிறுநீரகக் குழாய் பாதிச்சு பொட்டாசியம் இறங்கறது இந்த நோய்ல உண்டு. இப்ப ரத்த கவுன்ட், யூரின், கிரியாட்டினின், பொட்டாசியம், எதிர்ப்பு சக்தி புரதமான சி3, சி4 எல்லாம் ஒரு தடவை எடுத்து வச்சுக்கலாம்.

ரெண்டாவது குழந்தை விஷயத்துல மட்டும் ரோ உண்மையிலேயே முக்கியமுங்க. உங்க ரத்தத்துல இருக்கற இந்த ஆன்டிபாடி நச்சுக்கொடி வழியா குழந்தைக்கு போகும். பாசிட்டிவா இருக்கற அம்மாக்கள்ல 100ல 1, 2 பேரோட குழந்தைக்கு இதயத்துல மின்சாரம் போற பாதை அடைபட்டு துடிப்பு மெதுவாகிடும். மீதிப்பேருக்கு அந்த பிரச்சனை வராது, சில குழந்தைக்கு மட்டும் பொறந்த கொஞ்ச நாள்ல தோல்ல செவப்பா வந்து, அம்மாவோட ஆன்டிபாடி தீர்ந்ததும் ஆறேழு மாசத்துல மறைஞ்சிடும். மொத குழந்தை நல்லா பொறந்திருந்தாலும் ரெண்டாவதுக்கு பார்க்காம விடக்கூடாது. உண்டாகறதுக்கு முன்னாடியே மகப்பேறு டாக்டர்கிட்டயும் மூட்டுவாத டாக்டர்கிட்டயும் இந்த ரிப்போர்ட்டை காட்டிடுங்க, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை வேணுமான்னு அவங்க சொல்லுவாங்க. 16 வாரத்துல இருந்து 26 வாரம் வரைக்கும்தான் ஆபத்து அதிகம், அந்த நாள்ல குழந்தையோட இதயத்துக்கு எக்கோ எடுக்கணும், எத்தனை வாரத்துக்கு ஒருக்கான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. வழக்கமா எடுக்கற அனாமலி ஸ்கேன் மட்டும் போதாதுங்க, இதயத்துக்குன்னு தனியா ஃபீட்டல் எக்கோன்னு எழுதிக் கேட்டு எடுங்க.