வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து எதற்கெல்லாம் சாட்சி?

மடிப்பாக்கம், 48 வீட்டுக் குடியிருப்பின் புதுச் செயலாளர்: சார், பொதுக்குழு கூட்டிப் புது கமிட்டி தேர்ந்தெடுத்தோம். சங்க விதிகளான பைலாப்படி, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16. எங்களிடம் 22 கையெழுத்து இருக்கிறது. ஆனால் பழைய பொருளாளர் "கோரமே இல்லை" என்று பேங்குக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். செக்கில் கையெழுத்து போடுபவர்களை மாற்றாமல் பேங்க் நிறுத்தி வைத்திருக்கிறது. பதிவேட்டின் போட்டோவையும் உறுப்பினர் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் பழைய பொருளாளர் சொல்வது சரி என்றுதான் தோன்றுகிறது. 22 பேரில் ஐந்து பேரின் பெயர் உறுப்பினர் பட்டியலிலேயே இல்லை. கதவு எண்ணைப் பார்த்தால் அவை வாடகைக்கு விட்ட வீடுகள். மிச்சம் 17. அதில் இரண்டு வீடுகளில் கணவனும் மனைவியும் தனித்தனியாகக் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். உங்கள் பைலாவில் ஒரு வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று இருப்பதால் அங்கே இரண்டு கழிகிறது. ஆக 15. ஒரே ஒரு ஆள் குறைவு.

"வராதவர் ஒருவரிடம் இப்போது கையெழுத்து வாங்கிவிடலாமா" என்று அடுத்து கேட்கப் போகிறீர்கள். வேண்டாம். கோரம் குறைந்த கூட்டம் என்பது சரிசெய்யக்கூடிய குறை, இன்னொரு கூட்டம் போட்டால் தீர்ந்தது. பின்னால் சேர்த்த கையெழுத்து பொய் ஆவணம். அதுவும் பேங்கில் முதல் நகலைக் கொடுத்த பிறகு சேர்த்தால், இரண்டு நகலையும் ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

புது நோட்டீஸ் கொடுத்துக் கூட்டத்தை மறுபடி நடத்துங்கள். இந்த முறை வெற்றுத் தாளில் "பெயர், கையெழுத்து" என்று இரண்டு கட்டம் மட்டும் போட்டு நீட்டாதீர்கள். உறுப்பினர் பதிவேட்டில் உள்ளபடி கதவு எண்ணையும் உரிமையாளர் பெயரையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். வந்தவர் தன் பெயருக்கு நேராகத்தான் கையெழுத்து போட வேண்டும். பக்கத்தில் உரிமையாளரா, அவருக்குப் பதிலாக வந்த பிராக்ஸியா என்று ஒரு கட்டம், வந்த நேரம், போன நேரம். வாடகைதாரர்களை வரவேற்று உட்கார வையுங்கள், கையெழுத்து மட்டும் தனிப் பக்கத்தில் வாங்குங்கள். கூட்டம் தொடங்கும்போது தலைவர் உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பக்கத்தின் அடியில் "மாலை 5.40 மணி, 19 உறுப்பினர்கள் வருகை, கோரம் உள்ளது" என்று தன் கையால் எழுதி ஒப்பமிட வேண்டும். பேங்க் மேனேஜராக இருந்தாலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகமாக இருந்தாலும் கண் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

நங்கநல்லூர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: இதற்கு ஏன் இன்னொரு நோட்டீஸ்? கோரம் இல்லை என்றால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, இருப்பவர்களை வைத்தே நடத்தலாமே. எல்லா சங்கத்திலும் அதுதானே வழக்கம்?

பாதி சரி, சார். அப்படி ஒரு விதி உங்கள் பைலாவில் எழுதியிருந்தால் நடத்தலாம். பெரும்பாலான பைலாக்களில் இருக்கவும் செய்கிறது. ஆனால் மடிப்பாக்கத்தார் ஒத்திவைக்கவே இல்லை. கோரம் இருக்கிறது என்று நினைத்து நேராகத் தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். ஒத்திவைத்த கூட்டம் என்று சொல்ல வேண்டுமானால், எத்தனை மணிக்கு எண்ணினோம், எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை மணிக்கு மறுபடி கூடினோம் என்று கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புக்கில் அப்போதே எழுதியிருக்க வேண்டும். அஜெண்டாவில் இல்லாத புது விஷயத்தை அந்த ஒத்திவைத்த கூட்டத்தில் எடுப்பதும் ஆபத்து.

பெரம்பூர், ஒரு வீட்டு உரிமையாளர்: ஐயா, போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் கூட்டத்தில் உள்ளே நுழையும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது அந்தத் தாளைக் காட்டி, கட்டடத்தை இடித்துக் கட்ட நான் சம்மதித்துவிட்டேன் என்கிறார்கள். நான் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.

அம்மா, வாசலில் போட்ட கையெழுத்து நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்பதை மினிட்ஸ்தான் சொல்ல வேண்டும். இடித்துக் கட்டுவதற்கு 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தைக் கேட்கிறது. அந்தக் கணக்கை நிரப்ப வருகைத் தாளைப் பயன்படுத்துவது சிலர் செய்கிற வேலை. பில்டர் தரப்பு அவசரப்படுத்தும்போது நல்ல செயலாளர்கள்கூட இதில் வழுக்கிவிடுகிறார்கள்.

முதலில் அசலைப் பார்க்கக் கேளுங்கள், ஜெராக்ஸை நம்பாதீர்கள். தாள் தனித் தாளா, பைண்டிங் செய்த புத்தகத்தின் பக்கமா? பக்க எண் உண்டா? கையெழுத்துகளுக்கு மேலே மிஞ்சிய இடத்தில் தீர்மான வரிகளை நெருக்கி எழுதியிருக்கிறார்களா? மை வேறா? தலைப்பு ஒரு தாளிலும் கையெழுத்துகள் அடுத்தடுத்த தாள்களிலும் இருந்து, அந்தத் தாள்களில் தலைப்பே இல்லாமல் ஸ்டேப்பிள் அடித்திருந்தால் சந்தேகப்பட நியாயமான காரணம் உண்டு.

பார்த்த கையோடு செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: "அந்தத் தேதியில் நான் போட்டது வருகைக் கையெழுத்து மட்டுமே. மறுகட்டுமானத்துக்கு நான் சம்மதம் தரவில்லை. மினிட்ஸின் நகல் வேண்டும்." நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் சேர்த்து வையுங்கள். தாமதிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து எழுதுகிற மறுப்புக்கு "அப்போது ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி வரும். அவர்களின் மினிட்ஸில் "வந்திருந்த அனைவரும் ஏகமனதாக" என்று எழுதியிருந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். உங்கள் மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அந்தப் புத்தகத்தைப் பார்த்த வக்கீல்தான் சொல்ல முடியும், என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது.

அடுத்த முறை கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியும் "வருகை" என்ற ஒரு சொல்லும் எழுதிவிடுங்கள். பிடிக்காத தீர்மானம் வந்தால், எதிர்த்தவர் என்று உங்கள் பெயரை மினிட்ஸில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

குன்றத்தூர் பக்கம் ஒரு கிராமம்: எங்கள் கிராம சபையிலும் இதே கதைதான் அண்ணா. கூட்டத்துக்கு முப்பது பேர்கூட வரவில்லை. மறுநாள் நோட்டை வீடு வீடாக எடுத்துப் போனார்கள். பைலாவில் கோரம் எத்தனை என்று எங்கே பார்ப்பது?

தம்பி, கிராம சபைக்குப் பைலா கிடையாது. அது 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வருகிறது, கோரம் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கே 50 பேர் வேண்டும், பெரிய ஊராட்சிக்கு அதற்கு மேல். முப்பது பேர் என்றால் எந்தக் கணக்கிலும் போதாது. அந்த வருகைப் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் அரசு ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். கூட்டத்தின்போது நீங்கள் எடுத்த போட்டோ இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். கையெழுத்து எண்ணிக்கையையும் போட்டோவில் உள்ள தலைகளையும் எதிரெதிரே வைத்தால் புகாருக்கு அதுவே போதுமான தொடக்கம்.

சோழிங்கநல்லூர், ஐ.டி. ஊழியர்: இந்தக் காலத்தில் நோட்டுப் புத்தகம் எதற்கு? நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் போகிறது. பாதிப் பேர் கூகுள் மீட்டில் வருகிறார்கள். அந்தப் பட்டியலை பிரிண்ட் எடுத்து ஒட்டினால் வருகை ஆகாதா?

நோட்டீஸ் விஷயத்தில் பைலா அனுமதித்தால் வாட்ஸ்அப் உதவும். ஆனால் வழக்கு என்று வந்தால் வெறும் ஸ்கிரீன்ஷாட் நிற்காது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழோடுதான் கொடுக்க வேண்டும். செய்தி வந்த போனையும் மாற்றி எறிந்திருக்கக் கூடாது. வருகை விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் அனுப்பிய பட்டியலில் "iPhone" என்று ஒருவர் இருக்கிறார், "Amma" என்று இன்னொருவர். இவர்கள் எந்த வீட்டு உரிமையாளர்? ஆன்லைனில் வருபவர் கேமராவில் முகம் காட்டி, கதவு எண் சொல்லி, அதை செயலாளர் பதிவேட்டில் எழுதினால் கொஞ்சம் பலம் கூடும்.

அண்ணா நகர், சங்கப் பொருளாளர்: நாங்கள் கோவிட் காலத்திலிருந்து ஆன்லைனில் வருபவர்களையும் கோரத்தில் சேர்த்துத்தான் எண்ணுகிறோம். இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

யாரும் தோற்காத வரை யாரும் கேட்க மாட்டார்கள், மேடம். தேர்தலிலோ பெரிய செலவிலோ ஒரு தரப்பு தோற்றதும் முதலில் எண்ணுவது அந்தத் தலைகளைத்தான். பைலாவில் ஆன்லைன் வருகையை ஒரு திருத்தமாகச் சேர்த்துவிடுங்கள். அதுவரை முக்கியமான தீர்மானங்களுக்கு நேரில் வந்தவர்களை மட்டும் வைத்தே கோரம் தேறுகிறதா என்று பாருங்கள்.

வேளச்சேரி: பைலா திருத்தம் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் கூட்டத்தில் 21 உறுப்பினர்கள், திருத்தத்துக்கு ஆதரவாக 15 பேர் கை தூக்கினார்கள். முக்கால் பங்கு ஆகிவிட்டதா?

21இல் முக்கால் பங்கு 15.75. அப்படியானால் 16 பேர் வேண்டும், தீர்மானம் தோற்றது. ஆனால் ஓட்டெடுப்பு நேரத்தில் 21 பேரும் இருந்தார்களா? இரண்டு பேர் அதற்கு முன்பே கிளம்பி, போன நேரம் பதிவேட்டில் எழுதியிருந்தால் கணக்கு 19க்கு. அதில் முக்கால் 14.25, உங்கள் 15 தாராளமாகப் போதும். அந்தப் "போன நேரம்" கட்டத்தை நான் விடாமல் கேட்பது இதனால்தான். எழுதவில்லை என்றால் இப்போது ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபடி வையுங்கள்.

தாம்பரம்: மினிட்ஸில் தப்பு வந்தால் ஒயிட்னர் போடலாமா?

கூடாது. ஒரே கோடாக அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் தலைவரின் சுருக்கொப்பமும் தேதியும். காலியாக மிஞ்சிய இடத்தில் குறுக்குக் கோடு.

மீண்டும் மடிப்பாக்கம்: சார், மறுகூட்டம் நடத்தத் தயார். ஆனால் அசல் மினிட் புக்கும் உறுப்பினர் பதிவேடும் பழைய செயலாளரிடம் இருக்கின்றன, தர மாட்டேன் என்கிறார். என்னிடம் இருப்பது பட்டியலின் ஜெராக்ஸ்தான்.

அவருக்கு எழுத்தில் கேட்டு, ஒரு தேதி கொடுத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சங்கம் பதிவு பெற்றது என்பதால் ஏற்கெனவே தாக்கல் செய்த பட்டியலின் சான்றிட்ட நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். கூட்டத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸை அல்ல. இடையில் வீடு விற்றவர் வாங்கியவர் விவரத்தைப் பத்திர நகலோடு சரிபாருங்கள். புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பழைய புத்தகம் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் கேட்டோம், ஏன் புதிது தொடங்குகிறோம் என்று எழுதித் தலைவர் ஒப்பமிடட்டும். இன்னொன்று, மறுகூட்டத்தின் நோட்டீஸ் பழைய செயலாளருக்கும் பழைய பொருளாளருக்கும் போக வேண்டும். அவர்கள் இருவரும் இன்னும் உறுப்பினர்கள்தான். அந்த இரண்டு ரசீதையும் மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.