கல்யாண போட்டோ பேக்கேஜுக்கு விலை போடும் கணக்கு

கேள்வி: கல்யாண போட்டோகிராஃபி பேக்கேஜுக்கு விலை எப்படிப் போடுவது? எடிட்டிங் நேரம், பயணச் செலவு, கூடுதல் ஐட்டங்கள், அட்வான்ஸ் எல்லாவற்றையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பதில்:

மணிக்கணக்கில் போடுங்கள், பணத்துக்குக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் ஒரு மணி நேர உழைப்புக்கு நீங்கள் எதிர்பார்க்கும் கூலியை 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், ஆல்பம் பிரிண்ட், உடன் வருபவரின் கூலி எல்லாவற்றையும் இதே பங்கில் எழுதுங்கள். ஆல்பம் பிரிண்டுக்கு உங்கள் பத்து மணி நேரக் கூலி அளவு செலவானால் அது 10 பங்கு. முதலில் நேரத்தை எழுதிவிட்டால், பக்கத்து ஸ்டூடியோ என்ன விலை சொல்கிறது என்பதைப் பார்த்து எண்ணைத் தட்டிவிடும் தவறு நடக்காது.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்பு 10 மணி நேரம், உங்களோடு இன்னொரு போட்டோகிராஃபர், எடிட் செய்து கொடுக்க வேண்டிய படங்கள் 600, அதில் முழு ரீடச்சிங் 40, ஆல்பம் 40 பக்கம். மண்டபம் 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கேமராவைத் தூக்கி நிற்பது 10 மணி நேரம்தான். பேட்டரி சார்ஜ் போட்டு, கார்டு ஃபார்மேட் செய்து, பையை அடுக்கி, திரும்பி வந்து பிரித்து வைக்க 2 மணி நேரம். கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தோடு பேசுவது, யார் யாரோடு குரூப் போட்டோ வேண்டும் என்று பட்டியல் வாங்குவது 3 மணி நேரம். கார்டுகளைக் கணினியில் இறக்கி, ஒவ்வொன்றும் ஒழுங்காக இறங்கியதா என்று பார்த்து, இரண்டு தனி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்க 2 மணி நேரம். இதுவரை 17.

இனிமேல்தான் பலர் கோட்டை விடுவது. இரண்டு கேமராவிலும் சேர்த்து சுமார் 3,000 படம் வரும். படம் பொறுக்குவது சுலபம் என்று தோன்றும். ஆனால் பன்னிரண்டு பேர் நிற்கும் குரூப் போட்டோவில் நான்கு ஃபிரேம் இருந்தால், நான்கையும் பெரிதாக்கி யார் கண் மூடியிருக்கிறது என்று முகம் முகமாகப் பார்க்க வேண்டும். சராசரியாகப் படத்துக்கு 4 விநாடி வைத்தாலே 3 மணி 20 நிமிடம். பொறுக்கிய 600 படத்துக்கும் வெளிச்சம், நிறம், கிராப் சரிசெய்ய, படத்துக்கு 45 விநாடி வீதம் ஏழரை மணி நேரம். முழு ரீடச்சிங் அப்படி இல்லை: கண்ணாடியில் அடிக்கும் ஃபிளாஷ் ஒளியை எடுப்பது, தலைக்குப் பின்னால் போகும் வயரை அழிப்பது, வியர்வைப் பளபளப்பைத் தோல் தன்மை கெடாமல் அடக்குவது. ஒரு படத்துக்கு 15 நிமிடம் என்றால் 40 படத்துக்கு 10 மணி நேரம். ஆல்பத்தில் இரண்டு பக்கம் சேர்ந்த விரிப்பு ஒன்றுக்கு 20 நிமிடம் வீதம் 6 மணி 40 நிமிடம், இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு 3 மணி நேரம். கடைசியாக ஃபைல் எடுத்து, ஏற்றி, ஒப்படைக்க ஒன்றரை மணி நேரம். பொறுக்கத் தொடங்கியதிலிருந்து இது வரை 32.

ஆக மொத்தம் 49 மணி நேரம். பத்து மணி நேரம் படம் எடுத்ததற்கு முப்பத்தொன்பது மணி நேரம் மற்ற வேலை. "ஒரு நாள் வேலைதானே" என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கையே காட்டலாம். நான் எழுதிய நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மூன்று கல்யாணத்துக்குப் போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து, உங்கள் எண்ணைப் போடுங்கள்.

அடுத்து, எந்தக் கல்யாணத்தோடும் ஒட்டாத வருடச் செலவு: கேமரா, லென்ஸ் தேய்மானம், ரிப்பேர், இன்ஷூரன்ஸ், சாஃப்ட்வேர் சந்தா, அலுவலக வாடகை. இது வருடத்துக்கு 450 பங்கு, கல்யாணம் 30 என்றால், ஒன்றின் தலையில் 15 பங்கு விழுகிறது. இரண்டாவது போட்டோகிராஃபருக்கு 6, ஆல்பம் பிரிண்டுக்கு 10. எல்லாம் சேர்ந்து 49 + 15 + 6 + 10 = 80.

லாபம் சேர்க்கும் இடத்தில் ஒரு சின்ன வழுக்கல் இருக்கிறது. விலையில் 20 சதவீதம் லாபமாக நிற்க வேண்டுமென்றால் 80-ஐ 1.2-ஆல் பெருக்கக் கூடாது, 0.8-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் 96 வரும், அதில் லாபம் 16-தான், அதாவது ஆறில் ஒரு பங்கு. வகுத்தால் 100, லாபம் 20. இந்த லாபம்தான் கல்யாணமே இல்லாத மாதத்தைத் தாங்குகிறது. முப்பது கல்யாணம் வரும் என்று நினைத்து இருபதுதான் வந்தால், வருடச் செலவில் ஒன்றின் பங்கு 15-லிருந்து 22.5 ஆகிவிடும், லாபம் 12.5-க்குச் சுருங்கிவிடும். அதனால் எண்ணிக்கையை ஆசைக்குப் போடாமல், கடந்த வருடம் உண்மையில் முடித்த எண்ணைப் போடுங்கள்.

பயணத்தைப் பேக்கேஜுக்குள் புதைக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். போக வர 360 கிலோமீட்டர். இதற்கு எரிபொருள் மட்டும் கணக்கல்ல, டயர், சர்வீஸ், வண்டித் தேய்மானம் மூன்றும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒரு விலை வையுங்கள். இங்கே அது 0.025 பங்கு என்றால் வண்டிக்கு 9. போக வர 8 மணி நேரம் வண்டியில் உட்காரும் நேரத்துக்கு அரைக்கூலி, இருவருக்கும் சேர்த்து 6.4. இரவு தங்க 4.6. ஆக 20. தங்கும் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பத்து மணி நேரம் நின்ற பிறகு நான்கு மணி நேரம் இரவில் ஓட்டுவது ஆபத்து, திரும்ப எடுக்கவே முடியாத படங்களும் அதே வண்டியில்தான் இருக்கின்றன. "உண்மையான செலவு பின்னால்" என்று எழுதுவதைவிட நிலையான தொகையாக எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. பயணத்தின் மேல் லாபம் வைக்காமல் அடக்கத்துக்கே வசூலித்தால் யாரும் அதைப் பேரம் பேசுவதில்லை. மொத்தம் 120 பங்கு.

கூடுதல் ஐட்டங்களை, அவை எவ்வளவு நேரத்தைப் பின்னால் இழுத்து வருகின்றன என்று பார்த்து விலை போடுங்கள். உதாரணமாக, "இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள்" என்பது. நூறு பங்கைப் பத்து மணி நேரத்தால் வகுத்து 10 என்று சொன்னால் அது அநியாயம், 1 என்று சொன்னால் நஷ்டம். உங்கள் நேரம் 1, இரண்டாமவர் 0.6, கூடுதலாக வரும் 300 படத்தைப் பொறுக்க 20 நிமிடம், 60 படத்தைச் சரிசெய்ய 45 நிமிடம். சுமார் 2.7, அதை 0.8-ஆல் வகுத்தால் 3.4. இதையும், அரை மணி நேரத் துண்டுகளாகத்தான் கணக்கு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், மண்டபத்தில் நின்று பேச வேண்டியதில்லை. "இன்னும் இருபது படத்தை மட்டும் நன்றாக்கிக் கொடுங்கள்" என்பது இதைவிட ஏமாற்றக்கூடியது. ஐந்து மணி நேர வேலை, 6.25 பங்கு.

ட்ரோன் போன்றதை வெளியாளை வைத்துச் செய்தால், பறக்க அனுமதி கிடைக்காவிட்டாலோ மழை வந்தாலோ அந்தத் தொகை என்னவாகும் என்று அந்த வரியிலேயே எழுதுங்கள்.

விலை குறைக்கச் சொன்னால் எண்ணைக் குறைக்காதீர்கள், பொருளைக் குறையுங்கள். ஆல்பமே வேண்டாம் என்றால் பிரிண்ட் 10, வடிவமைப்பும் திருத்தமும் 9 மணி 40 நிமிடம், இரண்டையும் 0.8-ஆல் வகுத்தால் 24.6 வரை தாராளமாகக் குறைக்கலாம். எதையும் எடுக்காமல் 15 பங்கு தள்ளுபடி கொடுத்தால் உங்கள் லாபத்தில் முக்கால் பங்கு போய்விடும்.

அட்வான்ஸுக்குப் பாதி, கால்வாசி என்று வழக்கத்துக்கு ஒரு விகிதம் வைப்பதைவிட, எந்தத் தேதியில் எவ்வளவு பணம் உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும் என்று பாருங்கள். தேதியைக் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் கல்யாணம் நின்றுபோனால் உங்களுக்கு நஷ்டம்: வருடச் செலவின் 15, பேசிய நேரம் 3, போன லாபம் 20, மொத்தம் 38. கல்யாண இரவு முடியும்போது அதற்கு மேல் செலவாகியிருப்பது படப்பிடிப்பும் தயாரிப்பும் 12, இரண்டாமவர் 6, பயணம் 20, பிரதி எடுப்பது 2, மொத்தம் 40. மீதி 42 எடிட்டிங்கும் ஆல்பமும். ஏறக்குறைய மூன்று சம பாகம். அதனால் தேதி பதியும்போது 40, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு 40, மிச்சம் 40 என்று வாங்கினால் எந்தக் கட்டத்திலும் நீங்கள் கைக்காசைப் போட்டு வேலை செய்யும் நிலை வராது. கல்யாண இரவு முடியும்போது அவர்களும், இனிமேல் செய்ய வேண்டிய எடிட்டிங்குக்கும் ஆல்பத்துக்கும் ஏறக்குறைய எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசித் தவணையில்தான் பணம் சிக்கிக்கொள்ளும். "ஆல்பம் கொடுக்கும்போது மீதி" என்று எழுதினால், குடும்பம் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கவே மாதக்கணக்கில் இழுக்கும், உங்கள் எடிட்டிங் கூலி அதுவரை வெளியே நிற்கும். 40-ஐ இரண்டாக உடையுங்கள்: எடிட் செய்த 600 படத்தை இணையத்தில் பார்க்கக் கொடுக்கும் அன்று 20, ஆல்பம் பிரிண்டுக்குப் போவதற்கு முன் 20. ஆல்பத் தேர்வுக்கு ஒரு கெடு தேதி வைத்து, அது தாண்டினால் இரண்டாவது 20-ஐயும் செலுத்த வேண்டும், ஆல்பம் தேர்வு வந்த பிறகு செய்து தரப்படும் என்று எழுதுங்கள். மூன்றாவது சுற்றிலிருந்து திருத்தத்துக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் என்பதும் அதே இடத்தில் வரட்டும்.

முதல் 40 திரும்பக் கிடைக்காது என்று எழுதுவதாக இருந்தால், அது எதற்கான தொகை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்தத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு. உங்கள் ஊர்ச் சட்டம் அப்படிப் பிடித்துவைப்பதற்கு வரம்பு வைத்திருக்கலாம், ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேதி தள்ளிப்போனால், புதிய தேதியில் நீங்கள் காலியாக இருக்கும் பட்சத்தில் ஒருமுறை அந்தப் பணத்தை அப்படியே மாற்றிக்கொடுங்கள். உங்கள் பக்கத்தில் வர முடியாமல் போனால் வாங்கியது முழுவதையும் திருப்பித் தருவதாகவும், எத்தனை நாளுக்குள் என்றும் அதே தாளில் இருக்க வேண்டும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்குபவர் செய்வது சரிதான்.