ஸ்கோர் மேசையிலிருந்து ஒரு கை

அன்புள்ள ஐயா,

வகுப்புகளுக்கு இடையே 12 ஓவர் ஆட்டங்கள் நடத்துகிறோம். மாணவர்களே அம்பயர், மாணவர்களே ஸ்கோரர். தன் வகுப்புக்காரன் என்றால் விரல் மேலே போவதில்லை. எல்.பி.டபிள்யூ. என்றால் சண்டைதான். போன வாரம் இரண்டு ஸ்கோர் நோட்டிலும் கணக்கு வேறு வேறு. பாரபட்சம் இல்லாத பையனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

— ஓர் உடற்கல்வி ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்படி ஒரு பையனைத் தேடாதீர்கள். அன்று ஆடாத வகுப்பிலிருந்து இருவரை அம்பயராக நிறுத்துங்கள். எல்.பி.டபிள்யூ.வை உள்ளூர் விதியாகவே எடுத்துவிடுங்கள். பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பில் போயிருக்குமா என்று மூன்றையும் ஒரு பதினாலு வயதுப் பிள்ளை கண்சிமிட்டும் நேரத்தில் பார்க்க வேண்டுமா? பாவம்.

ஆனால் இரண்டு நோட்டில் இரண்டு கணக்கு என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, அது உங்கள் தவறு. பையன்கள் மேல் போடாதீர்கள்.

ஒரு ஓவரைப் பாருங்கள். முதல் பந்தில் ஒரு ரன். அடுத்தது வைடு, கீப்பர் விட்டுவிட, ஒரு ரன் ஓடுகிறார்கள். பிறகு ரன் இல்லை. நோபாலில் பேட்டால் ஒரு ஃபோர். லெக்பை ஒன்று. இரண்டு ரன். கடைசி இரண்டு பந்திலும் ரன் இல்லை. மொத்தம் 11. இதில் பேட்ஸ்மேன்கள் அடித்தது 7, எக்ஸ்ட்ரா 4. பவுலர் கணக்கில் 10. லெக்பை அவன் தலையில் ஏறாது.

ஒரு நோட்டில் 10 என்று இருந்தால் அநேகமாக அந்த வைடில்தான் கோளாறு. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்பயர் கைகளை விரிக்கிறான். ஸ்கோரர் அதைப் பார்த்து ஒன்று போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான், ஓடிய ரன் போய்விட்டது. ஆட்டம் நின்றதும் அம்பயர் மேசையைப் பார்த்து இன்னொரு முறை கைகளை விரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேனா தாளைத் தொட வேண்டும். ஸ்கோரர் கை தூக்கிக் காட்டும்வரை அடுத்த பந்து கிடையாது. இது சடங்கு இல்லை, விதியே அதுதான். பவுலர் ஓடி வரத் தொடங்கினாலும் அம்பயர் நிறுத்தலாம்.

இதைவிடப் பொல்லாத பிழை ஒன்று உண்டு. ஓடிய அந்த ரன்னை பேட்ஸ்மேன் பெயரில் எழுதிவிடுவது. அப்போது பேட்ஸ்மேன்கள் 8, எக்ஸ்ட்ரா 3, மொத்தம் அதே 11. கூட்டல் சரியாக இருக்கிறதென்று நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். வைடில் ஓடியதெல்லாம் வைடுதான். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் இது சிக்காது. அதனால் இரண்டு வகுப்பு ஸ்கோரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஓவர் முடிந்ததும் ஒருவன் பந்து பந்தாக வாசிக்க, மற்றவன் தன் நோட்டில் விரல் வைத்துப் பார்க்கட்டும். மாறினால் அடுத்த ஓவருக்கு முன்பே அம்பயரைக் கேட்கலாம். மாலையில் கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

ஆட்டத்துக்கு முந்தின நாள் பந்தே இல்லாமல் நாலு ஓவர் நடத்துங்கள். நீங்கள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், அம்பயர் சைகை காட்டட்டும், ஸ்கோரர் கை தூக்கிவிட்டு எழுதட்டும். நடுவில் வேண்டுமென்றே ஒருமுறை ஸ்கோரரைக் கை தூக்காமல் இருக்கச் சொல்லுங்கள். அம்பயர் காத்திருக்கிறானா என்று பாருங்கள்.