ஒரே மெசேஜில் ஐந்து கேள்வி: சாட்பாட் எதை விழுங்கியது?

புதுச்சேரியில் சின்ன விடுதிகளுக்கு வாட்ஸ்அப் சாட்பாட் செய்து கொடுக்கிறேன். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு விடுதியில் போன் எடுக்கும் வேலை. அதனால் ஜனங்கள் எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இன்று ஒரே மெசேஜில் பல கேள்வி வரும் விஷயம் மட்டும். வேறு ஏதாவது கேட்டால் ஒரு வரிதான் கிடைக்கும்.

வில்லியனூர், விடுதி நடத்துபவர்: அக்கா, எங்க சாட்பாட்டுக்கு ஒருத்தர் இப்படி அனுப்பினார்: "சனிக்கிழமை ரூம் இருக்கா 2 பெரியவங்க 1 குழந்தை எவ்ளோ ஆகும் கார் நிறுத்த இடம் உண்டா மாத்ரிமந்திர் உள்ள போய் பாக்கணும்னா எப்படி அம்மாவுக்கு படி ஏற முடியாது". ரூமுக்கும் விலைக்கும் மட்டும் பதில் போச்சு. மீதி எங்க போச்சு?

பெரும்பாலும் பதில் எழுதும்போது விட்டுப்போகவில்லை, தகவல் தேடும்போதே விட்டுப்போயிருக்கும். உங்கள் சாட்பாட் மெசேஜ் முழுவதையும் ஒரே தேடலாக உங்கள் தகவல் கோப்புக்குள் அனுப்புகிறது. அதில் ரூம், விலை, ஆள் கணக்கு எல்லாம் ஒரே பக்கம் இழுப்பதால் மேலே வரும் நான்கைந்து துண்டுகளும் அறை வாடகை பற்றியே இருக்கும். கார் பற்றிய துண்டு மாடலின் கைக்கே போய்ச் சேராது. கையில் இல்லாததைப் பற்றி அது வாயே திறக்காமல் இருந்துவிடும். லாகைத் திறந்து அந்த மெசேஜுக்கு எந்தெந்தத் துண்டுகள் எடுக்கப்பட்டன என்று பாருங்கள். பார்க்கிங் துண்டு அங்கே இல்லையென்றால் இதுதான் காரணம். துண்டு இருந்தும் பதிலில் இல்லையென்றால் மட்டுமே மாடலைத் திட்டுங்கள்.

நான் செய்வது இது. முதலில் மாடலிடம் பதில் கேட்பதில்லை, பட்டியல் மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு உருப்படிக்கும் வாடிக்கையாளர் எழுதிய சொற்களை அப்படியே எடுத்துப் போடச் சொல்வேன். இல்லையென்றால் அவர் கேட்காத கேள்வியையும் சேர்த்துவிடும். கூடவே அதைத் தனியாக நிற்கும்படி திருப்பி எழுதச் சொல்வேன். "எவ்ளோ ஆகும்" என்பதைத் தனியாகத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. "சனிக்கிழமை, 2 பெரியவர், 1 குழந்தை, வாடகை" என்றால் கிடைக்கும்.

```json
[
 {"id":1,"span":"சனிக்கிழமை ரூம் இருக்கா","type":"question"},
 {"id":2,"span":"எவ்ளோ ஆகும்","type":"question"},
 {"id":3,"span":"கார் நிறுத்த இடம் உண்டா","type":"question"},
 {"id":4,"span":"மாத்ரிமந்திர் உள்ள போய் பாக்கணும்னா எப்படி","type":"question"},
 {"id":5,"span":"அம்மாவுக்கு படி ஏற முடியாது","type":"condition"}
]
```

(திருப்பி எழுதியதை வைக்கும் `query` என்ற புலத்தை இடத்துக்காக இங்கே விட்டுவிட்டேன்.) பிறகு முதல் நான்குக்கும் தனித்தனித் தேடல். ஐந்தாவதைப் பாருங்கள், அது கேள்வியே இல்லை. ஆனால் போன் மேசையில் இருந்தவளுக்குத் தெரியும், அந்த மெசேஜில் அதுதான் முக்கியம். அது முதல் கேள்வியையே மாற்றிவிடுகிறது: ரூம் இருக்கா என்பதல்ல, தரைத்தளத்தில் ரூம் இருக்கா என்பதுதான் கேள்வி. அந்த அம்மா 2 பெரியவர்களில் ஒருவரா, மூன்றாவது ஆளா என்பதும் தெரியவில்லை. வாடகை அதைப் பொறுத்தது. இதை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். ஆனால் அதற்காக மற்ற மூன்றையும் நிறுத்தி வைக்கக் கூடாது. பதில் இப்படிப் போகலாம்:

"சனிக்கிழமை தரைத்தளத்தில் ஒரு அறை இருக்கிறது, அம்மா படி ஏற வேண்டியதில்லை. அம்மாவையும் சேர்த்து 2 பெரியவர்களா, 3 பெரியவர்களா? சொன்னால் வாடகை சொல்லிவிடுகிறேன். கார் எங்கள் வளாகத்துக்குள் நிறுத்தலாம். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், பின் தெரு வழியாக வாருங்கள். மாத்ரிமந்திர் உள்ளே செல்ல முன்பதிவு வேண்டும். உங்கள் தேதிக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, எங்கள் வரவேற்பில் இருப்பவர் காலையில் அழைத்துச் சொல்வார்."

கடைசி வரியைக் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் பதில்தான். சும்மா விட்டுவிடுவது மட்டும் பதில் இல்லை. இதை இன்று இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்: கேள்விக்குறியை வச்சு வாக்கியத்தைப் பிரிச்சா போதாதா அக்கா? அது இல்லன்னா "ஆ"ல முடியற சொல்லை எண்ணிடலாமே?

தம்பி, மேலே இருக்கும் மெசேஜில் எத்தனை கேள்விக்குறி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லை. நம் ஆட்கள் அப்படித்தான் அனுப்புவார்கள்.

"ஆ" யோசனை பாதி சரி. "இருக்கா", "உண்டா" இரண்டையும் பிடித்துவிடும். "எவ்ளோ ஆகும்" தப்பிவிடும். "ரேட் சொல்லுங்க" என்பதும் தப்பும், அதுவும் கேள்விதான். மறுபக்கம் "ஏசியா நான் ஏசியா" என்பதில் இரண்டு ஆ, கேள்வி ஒன்று. "வரலாமா வேணாமா" அதே கதை. இதைப் பிரித்தால் "வரலாம்" என்று ஒரு பதிலும் "வேண்டாம்" என்று ஒரு பதிலும் போகும், என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கடலூர் முதுநகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அம்மா, "சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அறை இருக்கிறதா" என்பது ஒரே வினா. எண்ணும்மை இரண்டு பெயரைச் சேர்க்கிறது, வினை ஒன்றே. உங்கள் பட்டியலில் இதை எப்படி எழுதுவீர்கள்?

ஐயா, இலக்கணப்படி ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை அறை இருந்து ஞாயிறு இல்லையென்றால்? ஒரே வினாவாக எடுத்தால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். சனிக்கிழமை மட்டும் வந்திருக்கக்கூடியவர் போய்விடுவார். அதனால் நான் இரண்டாகப் பிரிக்கிறேன்.

அதே ஆசிரியர்: அவர் இரண்டு நாளும் சேர்ந்துதான் தங்க வருகிறார் என்றால்? சனிக்கிழமை மட்டும் இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்? கேட்டவர் நோக்கத்தை நீங்கள் உடைக்கிறீர்கள்.

லாஸ்பேட்டை மாணவர்: ஐயா சொல்றதுதான் சரின்னு தோணுது. "டீயும் வடையும் கிடைக்குமா"ன்னா ரெண்டு கேள்வியா என்ன?

டீ இருந்து வடை தீர்ந்துபோயிருந்தால் கடைக்காரர் என்ன சொல்வார்? "டீ இருக்கு, வடை இல்ல." அவரே பிரித்துவிட்டார். பார்ப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், சொல்வதைச் சேர்த்துச் சொல்லலாம். அதாவது கையிருப்பைத் தேடும்போது இரண்டு, பதிலில் ஒரே வாக்கியம். ஆனால் ஐயா சொல்லும் தங்கும் விஷயத்தில் என்னிடம் நல்ல விடை இல்லை. இரண்டு இரவுக்கும் ஒரே அறை வேண்டுமா என்பது அந்த "உம்"மில் தெரியவில்லை. நான் இப்போதைக்கு திருப்பிக் கேட்க விடுகிறேன்.

அதே ஆசிரியர்: "இல்லையென்றால் ஞாயிறு?" என்று கேட்டால் இன்னும் சிக்கல். அது முதல் விடையைப் பொறுத்துப் பிறக்கும் வினா.

ஆமாம், அது ரொம்ப அழகான சிக்கல். "சனிக்கிழமை இருக்கா இல்லன்னா ஞாயிறு" என்று வந்தால் இரண்டாவதை முதலாவதுக்குக் கட்டி வைக்க வேண்டும். பட்டியலில் `"after": 1` என்று ஒரு குறிப்புப் போடுகிறேன். சனிக்கிழமை இருந்தால் இரண்டாவது தானாக முடிந்ததாகக் கணக்கு. இதைச் செய்யாதவர்களின் சாட்பாட் சனிக்கிழமை அறை கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்று எடுத்து வைக்கும்.

பண்ருட்டி, முந்திரிக் கடை: எங்ககிட்ட ஒரே மெசேஜா வராது. "அண்ணா", அப்புறம் "முழு முந்திரி கிலோ எவ்ளோ", அப்புறம் "சென்னைக்கு அனுப்புவீங்களா". மூணுக்கும் தனித்தனியா பதில் போய் குழம்புது.

முதல் மெசேஜ் வந்ததும் பாயாமல் கொஞ்சம் காத்திருங்கள். நான் 6 விநாடி வைத்திருக்கிறேன். இடையில் இன்னொன்று வந்தால் மறுபடி 6 விநாடி. அமைதியானதும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெசேஜாக மேலே சொன்ன வழியில் போங்கள். முதல் பதில் தாமதமாகும் என்பது உண்மை. முந்திரி வாங்குகிறவர் 6 விநாடி பொறுப்பார்.

நெய்வேலி: கேள்விக்குறி வச்சு பிரிக்கிற ஒரு லைப்ரரி இருக்கா?

மேலே லாஸ்பேட்டை தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் கடலூர்காரர்: இவ்வளவு சுத்த வேண்டாம் மேடம். பெரிய மாடலா போட்டு "எல்லா கேள்விக்கும் பதில் சொல்"னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது. கடைசியில "எல்லாத்துக்கும் சொன்னியா"ன்னு கேட்டா அதுவே செக் பண்ணிக்கும்.

முதல் பாதி சரி. தகவல் முழுவதும் மாடலின் முன்னாலேயே இருந்தால், இரண்டு மூன்று கேள்விக்கு அந்த ஒரு வரி நன்றாகவே வேலை செய்யும். சின்ன கடைக்கு அது போதும்.

இரண்டாவது பாதியில்தான் ஆபத்து. "எல்லாத்துக்கும் சொன்னியா" என்றால் "ஆமாம்" என்று சொல்வது அதற்கு சுலபம். நான் அப்படிக் கேட்பதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலில் இருந்து எந்த வாக்கியம் விடையோ அதை அப்படியே எடுத்துத் தரச் சொல்வேன். பிறகு அந்த வாக்கியம் உண்மையிலேயே பதிலில் இருக்கிறதா என்று நிரல் பார்க்கும், மாடல் அல்ல:

```python
missed = [q["id"] for q in items
          if not proof.get(q["id"])
          or proof[q["id"]] not in reply]
```

`missed` காலியாக இல்லையென்றால் பதில் வெளியே போகாது. இதிலும் ஓட்டை உண்டு. "வாடகை சீசனைப் பொறுத்தது" என்ற வாக்கியத்தை விலைக்கு விடையாகக் காட்டினால் நிரல் நம்பிவிடும். அதனால் வாரம் 20 உரையாடலை நானே உட்கார்ந்து படிக்கிறேன்.

இன்னொன்று. சோதிக்கும்போது ஒரே கேள்வி மெசேஜ்களை வைத்துச் சோதித்து 90 சதவீதம் சரி என்று மகிழாதீர்கள். கேள்விக்குக் கேள்வி தப்பு தனித்தனியாக நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு கேள்வியும் சரியாக வருவது 0.9-ஐ நான்கு முறை பெருக்கியது. சுமார் 66 சதவீதம்தான். மூன்றில் ஒரு வாடிக்கையாளர் ஏதோ ஒன்று கிடைக்காமல் போகிறார்.

காரைக்கால்: எங்களது ராசா என்ற சாட்பாட் கருவியில செஞ்ச பழைய பாட். ஒரு மெசேஜுக்கு இன்டென்ட், அதாவது கேட்பவர் நோக்கம், ஒண்ணுதான் தருது.

இரண்டு இன்டென்டை `ask_price+ask_parking` என்று சேர்த்து எழுதிப் பயிற்சி கொடுக்கலாம். டோக்கனைசரில் `intent_tokenization_flag: true`, `intent_split_symbol: "+"` வைக்க வேண்டும். ஆனால் 10 இன்டென்ட் இருந்தால் ஜோடிகளே 45. மூன்று கேள்வி சேர்ந்து வந்தால் கணக்கு கைமீறும். அடிக்கடி சேர்ந்து வரும் நான்கைந்து ஜோடிக்கு மட்டும் செய்யுங்கள். மீதியை "இதற்கு ஆள் அழைப்பார்" என்று சொல்லுங்கள். சும்மா விடாதீர்கள்.

முத்தியால்பேட்டை: ஒரே நேரத்துல பத்து பேர் கேட்டா ஒருத்தர் பதில் இன்னொருத்தருக்குப் போகுது. இதுக்கும் பட்டியல்தானா?

இது வேறு வியாதி. போன் எண்ணுக்குத் தனித்தனி செஷன் வையுங்கள்.

மறுபடி நெய்வேலி: மேல படிச்சேன். இங்கிலீஷ் மெசேஜுக்காவது கேள்விக்குறி போதுமா?

போதாது. போதவே போதாது.

வில்லியனூர், மறுபடியும்: அக்கா, காலையிலயே பட்டியல் போட்டுப் பாத்துட்டேன். வேலை செய்யுது. ஆனா "நல்லா இருக்கீங்களா"ன்னு ஆரம்பிச்சவருக்கு அதையும் 1-ஆம் கேள்வியா எடுத்து, தகவல் கோப்புல தேடி, "இதற்கான தகவல் எங்களிடம் இல்லை, பொறுப்பாளர் அழைப்பார்"னு அனுப்பிடுச்சு.

இதை எதிர்பார்த்திருக்க வேண்டும், என் தப்பு. `type`-இல் `"greeting"` என்று ஒன்று சேருங்கள். அதற்குத் தேடல் கிடையாது, "நல்லா இருக்கோம்" என்று பதிலின் தலையில் ஒரு வரி போதும். அப்புறம் அந்த வாடிக்கையாளரை நிஜமாகவே ஒரு தடவை அழைத்துவிடுங்கள், பொறுப்பாளர் அழைப்பார் என்று சொல்லிவிட்டீர்களே.