ஃபவுண்டர் ஷேர் எப்படி குறைஞ்சுச்சுன்னு ரெக்கார்ட் வச்சு கண்டுபிடிக்கிறது

கேள்வி: கேஎல்ல ஃப்ரெண்டோட ஸ்டார்ட்அப், 60% வச்சிருந்தவருக்கு ரெண்டு ஃபண்டிங் ரவுண்டுக்கு அப்புறம் 30% தான்னு சொல்றாங்க, ஒரு ஷேர் கூட விக்கல, எப்படி?

மலேசியாவோட கம்பெனி பதிவு அமைப்பான எஸ்எஸ்எம்ல கம்பெனி ஃபைல் பண்ண ஷேர் அலாட்மென்ட் ரிட்டர்ன் எல்லாத்தையும் வாங்கி தேதி வாரியா அடுக்குங்க, 2016 கம்பெனி சட்டம் 78வது பிரிவுப்படி புது ஷேர் குடுத்த 14 நாளுக்குள்ள அதை ஃபைல் பண்ணனும், அதனால ஒவ்வொரு ரவுண்டும் அதுல தெரியும். பர்சன்டேஜை விட்டுட்டு ஷேர் எண்ணிக்கையை மட்டும் பாருங்க.

உதாரணத்துக்கு, ஆரம்பத்துல மொத்தம் 1,00,000, அவர்கிட்ட 60,000. முதல் ரவுண்டுல புதுசா 25,000 குடுத்தா மொத்தம் 1,25,000, அவர் 48%. அடுத்ததுல 75,000 குடுத்தா மொத்தம் 2,00,000, அவரோட 60,000 அப்படியேதான் இருக்கு, ஆனா 30%. நிறைய பேர் முதல் ரவுண்டுல இன்வெஸ்டருக்கு 20% போச்சுன்னு 60ல இருந்து 20ஐ கழிச்சு 40ன்னு சொல்வாங்க, அது தப்பு, 60 × 0.8 = 48.

ஆர்டினரி ஷேரா மாத்தக்கூடிய ப்ரிஃபரன்ஸ் ஷேர் இருந்தா, மாத்தினா எத்தனைன்னு கணக்கு போட்டு மொத்தத்துல சேருங்க. கன்வெர்ட்டிபிள் நோட்ங்கிறது பின்னாடி ஷேரா மாறக்கூடிய கடன், அது ஷேரா மாறுற வரைக்கும் இந்த ரிட்டர்ன்ல வராது, அக்ரிமென்ட்டை தனியா கேட்டு பாருங்க.